உப்புக் கரிக்கும் பாலும் இறுகாத சீஸும்

லிந்துலைப் பக்கத்து வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "மாட்டுக்குக் காய்ச்சல் இல்லை, மடியும் வீங்கவில்லை. பால் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் லேசாக உப்புக் கரிக்கிறது. கறவையும் குறைந்துவிட்டது. பாலை உறையவைக்கும் ரெனட் போட்டு சீஸ் செய்தால் சரியாக இறுகுவதே இல்லை. கண் பட்டிருக்கும் என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். என்னதான் காரணம்?"

இது பெரும்பாலும் வெளியே தெரியாத மடியழற்சி. காம்புத் துளை வழியாகப் பற்றீரியா உள்ளே போகிறது. பல சமயங்களில் அதைக் கொண்டு போவது கறப்பவரின் கையும் மடி துடைக்கும் துணியும்தான். அதை எதிர்க்க இரத்தத்திலிருந்து வெண்குருதிக் கலங்கள் பாலுக்குள் இறங்குகின்றன. உடற்கல எண்ணிக்கை என்று சொல்வது முக்கியமாக இவற்றைத்தான். நல்ல மடியின் பாலில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு இலட்சத்துக்கும் குறைவாக இருக்கும். இரண்டு இலட்சத்தைத் தாண்டினால் தொற்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. மடிக்குள் இரத்தத்துக்கும் பாலுக்கும் நடுவே நிற்பது ஒற்றை அடுக்குக் கலங்களால் ஆன சுவர். பாலின் இனிப்பான லக்டோஸை அந்தக் கலங்கள்தான் செய்கின்றன. இரத்தத்துக்கும் பாலுக்கும் கரைசல் அழுத்தம் எப்போதும் சமமாக இருக்க வேண்டும் என்பதால், லக்டோஸ் எவ்வளவு சுரக்கிறதோ அதற்கேற்ற தண்ணீரும் பாலுக்குள் வந்து சேரும். பாலின் அளவைத் தீர்மானிப்பதே லக்டோஸ்தான் என்று சொல்லலாம். அழற்சியில் கலங்கள் அடிபட்டால் லக்டோஸ் உற்பத்தி குறைகிறது, கறவை இறங்குகிறது. கலங்களுக்கு இடையிலான இறுக்கமும் தளர்வதால் இருக்கும் லக்டோஸிலும் கொஞ்சம் இரத்தத்துக்குக் கசிந்துவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட இரத்தத்திலிருந்து சோடியமும் குளோரைட்டும் பாலுக்குள் வருகின்றன. லக்டோஸ் 4.9 வீதத்திலிருந்து 4.4 வீதம் வரை இறங்கும்போது சோடியம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இனிப்புக் குறைந்து உப்புக் கூடியதை நாக்கு பிடித்துவிடுகிறது. ஆக, சுவை கெட்டதும் பால் குறைந்ததும் ஒரே அழற்சியால்தான்.

சீஸைக் கெடுப்பதும் அந்தக் கசிவுதான். நம் உடலில் உறைந்த இரத்தத்தைக் கரைக்க பிளாஸ்மின் என்ற நொதியம் இருக்கிறது. அதன் உறங்கும் வடிவம் இரத்தத்தோடு பாலுக்குள் வருகிறது, வெண்குருதிக் கலங்கள் அதை எழுப்பிவிடுகின்றன. எழுந்த பிளாஸ்மின் பாலின் கேசின் புரதத்தை வெட்டத் தொடங்கும். மடியின் உடல்சூடு அதற்குத் தோதானது. கசிவால் பாலின் புளிப்புத்தன்மை குறைந்து இரத்தத்தை நெருங்குவதும் அதற்குச் சாதகம். எனவே கறப்பதற்கு முன்பே, மடிக்குள்ளேயே சேதம் நடந்துவிடுகிறது. பாலைக் காய்ச்சிக் கிருமியைக் கொன்றாலும் வெட்டுப்பட்ட கேசின் மறுபடி ஒட்டாது. பாஸ்டர் முறையில் சூடாக்கினாலும் பிளாஸ்மின் சாகாது.

சீஸின் வலை கேசினால் ஆனது. கொழுப்பையும் ஈரத்தையும் பிடித்து வைப்பது அந்த வலைதான். 10 லீற்றர் நல்ல பாலில் சுமார் 280 கிராம் கேசின் இருக்கும். கலங்கள் மிகுந்த பாலில் அது 230 கிராம் வரை இறங்கலாம். வெட்டுப்பட்ட துண்டுகளில் ஒரு பகுதியும், வலையில் சிக்காத கொழுப்பும் கட்டியிலிருந்து பிரியும் தெளிநீரோடு போய்விடும். தெளிநீர் பச்சை மஞ்சளாகத் தெளிவாக இல்லாமல் வெண்மையாகக் கலங்கி வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். பால் போதிய புளிப்பில்லாமல் இருப்பதால் ரெனட்டும் மெதுவாகவே வேலை செய்யும். கட்டி மெத்தென்று ஈரம் கூடி நிற்கும்.

மொத்தப் புரதத்தை அளந்தால் இது பிடிபடாது. கேசின் குறைந்த இடத்தை இரத்தத்திலிருந்து வந்த வேறு புரதங்கள் நிரப்பிவிடுகின்றன. பனீரிலும் ஓரளவு மறைந்துவிடும், ஏனென்றால் கொதிக்கும் சூட்டில் அந்தப் புரதங்களும் திரண்டு கட்டியோடு சேர்ந்துகொள்ளும்.

வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. அரை லீற்றர் தண்ணீரில் 15 கிராம் சலவைத்தூளைக் கரையுங்கள். முதல் பீச்சலை விட்டுவிட்டு, நான்கு காம்புகளின் பாலையும் தனித்தனிக் கிண்ணங்களில் கொஞ்சம் பிடியுங்கள். ஒவ்வொன்றிலும் பாலின் அளவுக்குச் சமமாக அந்தக் கரைசலை ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றுங்கள். தூள் கலங்களை உடைக்கும், உள்ளிருந்த டிஎன்ஏ இழைகள் வெளியே வந்து பின்னிக்கொள்ளும். கலங்கள் மிகுந்த பால் கொழகொழவென்று திரளும், நல்ல பால் தண்ணீராகவே ஓடும். பார்த்த பாலை உடனே கொட்டிவிடுங்கள். ஈன்ற முதல் சில நாட்களிலும், கறவை வற்றும் கடைசி நாட்களிலும் நல்ல மடியே திரளைக் காட்டலாம் என்பதால் அப்போது இதை நம்ப வேண்டாம்.

கொழுப்பை அளக்கிற எல்லாப் பால் சேகரிப்பு நிலையங்களிலும் இந்தச் சோதனையும் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆராய்ச்சிப் பணம் ஒதுக்குகிறவர்கள் மலையகத்து மாட்டுப்பட்டிகளில் எந்தப் பற்றீரியா அதிகம் என்று பார்க்கவும் செலவழிக்கட்டும். மிளகாய் சுற்றுவதால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதை நம்பிக் காத்திருக்கும் நாட்களில் தொற்று பக்கத்து மாட்டுக்குப் போய்விடும்.

அந்த வாசகிக்கு: திரண்ட காம்பைக் கடைசியாகக் கறந்து, அந்தப் பாலைத் தனியே ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் வேறு துணி வையுங்கள். மிருக வைத்தியரிடம் சொல்லி, மருந்து கொடுப்பதற்கு முன்பே பால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மருந்து ஏற்றினால் அவர் சொல்லும் நாள்வரை எந்தக் காம்பின் பாலையும் சீஸுக்கு எடுக்காதீர்கள். பாலில் தங்கும் நுண்ணுயிர்க்கொல்லி, சீஸைப் புளிக்கவைக்கும் நல்ல பற்றீரியாவையும் கொன்றுவிடும்.