டாலர் ஏறியும் தங்கம் ஏன் இறங்கவில்லை?

"டாலர் இண்டெக்ஸ் ஏறியதால் தங்கம் விலை சரிந்தது." வணிகச் செய்திகளில் அடிக்கடி வரும் வரி இது. பல நாட்களில் இது சரியாகவும் இருக்கும். ஆனால் 2024 தொடக்கத்தில் 101-ஐ ஒட்டி இருந்த டாலர் இண்டெக்ஸ் ஆண்டு முடிவில் 108-ஐத் தாண்டியது. அதே காலத்தில் ஒரு அவுன்ஸ் தங்கம் சுமார் 2,060 டாலரிலிருந்து 2,620 டாலருக்குப் போனது. இரண்டும் சேர்ந்தே ஏறின. காரணத்தைத் தேடுமுன், இந்த இண்டெக்ஸ் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம்.

1973 மார்ச்சில் 100 என்ற மதிப்பில் தொடங்கிய கணக்கு இது. யூரோ, ஜப்பானின் யென், பிரிட்டனின் பவுண்டு, கனடா டாலர், ஸ்வீடனின் குரோனா, ஸ்விஸ் ஃபிராங்க் என்ற ஆறு நாணயங்களுக்கு எதிரே டாலரின் மதிப்பை அளக்கிறது. சந்தையில் இதன் சுருக்கக் குறி DXY. சூத்திரம் இப்படி:

```
DXY = 50.14348112 × EURUSD^-0.576 × USDJPY^0.136
      × GBPUSD^-0.119 × USDCAD^0.091
      × USDSEK^0.042 × USDCHF^0.036
```

அடுக்கில் இருக்கும் எண்கள்தான் ஒவ்வொரு நாணயத்தின் பங்கு. யூரோவுக்கு மட்டும் 57.6 சதவீதம். யூரோ, பவுண்டு எதிரே மட்டும் அடுக்கு மைனஸில் இருப்பதற்குக் காரணம், அவற்றின் விலையை ‘ஒரு யூரோவுக்கு இத்தனை டாலர்’ என்று தலைகீழாகச் சொல்வதுதான். யூரோ 1 சதவீதம் விழுந்தால் இண்டெக்ஸ் ஏறக்குறைய 0.58 சதவீதம் ஏறிவிடும். ஸ்விஸ் ஃபிராங்க் அதே அளவு விழுந்தால் 0.04 சதவீதம்கூட அசையாது.

1999-இல் ஐரோப்பிய நாணயங்கள் சில யூரோவுக்குள் அடங்கியதைத் தவிர, இந்தப் பட்டியல் மாறவே இல்லை. சீன யுவான் இல்லை, மெக்சிகோவின் பெசோ இல்லை, நம் ரூபாயும் இல்லை. ஸ்வீடனின் குரோனா இருக்கிறது! என்னைக் கேட்டால், இதை ‘யூரோவின் கண்ணாடி’ என்று சொல்வதே பொருத்தம்.

சரி, தங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உலகச் சந்தையில் தங்கத்தின் விலை டாலரில் சொல்லப்படுகிறது. அளவுகோல் நீண்டால் அளக்கப்படும் எண் சிறிதாகும். அது ஒரு காரணம். இன்னொன்று வட்டி. அமெரிக்காவில் வட்டி உயர்ந்தால் பணம் டாலரை நோக்கி ஓடும், வட்டி தராத தங்கத்தை வைத்திருக்க ஆர்வம் குறையும். டாலர் ஏறுவதற்குக் காரணம் வட்டியாக இருக்கும்வரை தங்கம் எதிர்த்திசையில் போவது இயல்பு. காரணம் வேறானால் கதை மாறிவிடும்.

2010-இன் முதல் பாதியை எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தின் கடன் நெருக்கடியில் யூரோவே பிழைக்குமா என்ற அச்சம் பரவிய நேரம். ஜனவரியில் சுமார் 1.43 டாலராக இருந்த யூரோ ஜூன் தொடக்கத்தில் 1.19-க்கு வந்தது. சூத்திரத்தில் போட்டால் யூரோவால் மட்டுமே இண்டெக்ஸ் 11 சதவீதம் ஏற வேண்டும். உண்மையில் அது 78-ஐ ஒட்டிய நிலையிலிருந்து 88-ஐத் தாண்டியது. அமெரிக்கா பலமானதால் வந்த ஏற்றமல்ல இது, ஐரோப்பா பயந்ததால் வந்தது. அப்படிப் பயந்தவர்கள் டாலரையும் வாங்கினார்கள், தங்கத்தையும் வாங்கினார்கள். தங்கம் சுமார் 1,100 டாலரிலிருந்து 1,240-க்குப் போனது. அதையே யூரோவில் கணக்கிட்டால் 770-லிருந்து 1,040. கிட்டத்தட்ட 35 சதவீத ஏற்றம்!

இதில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. தங்கம் விலையை டாலரில் மட்டும் பார்க்காமல் வேறொரு நாணயத்திலும் போட்டுப் பாருங்கள். 2022-இல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வட்டியை வேகமாக ஏற்றியபோது, செப்டம்பர் முடிவுக்குள் தங்கம் டாலரில் சுமார் 9 சதவீதம் இறங்கியிருந்தது. யூரோவில் பார்த்தால் ஏறியிருந்தது. ரூபாயும் அதற்குள் 74-லிருந்து 81-ஐத் தாண்டிவிட்டதால், இறக்குமதி வரியைச் சேர்க்காமலே பார்த்தாலும் ரூபாய் விலை ஏறக்குறைய அசையாமல் இருந்தது. அதாவது அசைந்தது பெரும்பாலும் டாலர்தான். எல்லா நாணயத்திலும் ஒருசேர ஏறினால், தங்கத்துக்கே கூடுதல் கிராக்கி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

2024 அந்த இரண்டாவது வகை. 2022-இல் ரஷ்யாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. வெளிநாட்டில் வைத்திருக்கும் டாலரையும் யூரோவையும் இப்படிப் பூட்ட முடியும் என்று மற்ற நாடுகளும் பார்த்தன. 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் மத்திய வங்கிகள் தங்கம் வாங்கின. இப்படி வாங்குகிறவர்கள் இண்டெக்ஸைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்வதில்லை.

அதற்காகப் பழைய எதிர்ப்போக்கு மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த 2024 நவம்பர் 6 அன்று இண்டெக்ஸ் 1.5 சதவீதத்துக்கு மேல் குதித்தது, தங்கம் ஏறக்குறைய 3 சதவீதம் விழுந்தது. ஆண்டின் மொத்தக் கணக்கில் ஒரே திசையில் ஏறிய இரண்டும், அந்த ஒரு நாளில் எதிரெதிராகத்தான் போயின.