30 நாள் எந்த நாள்ல இருந்து?

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல எச்ஆர் வேலை பாக்கிறன். போன சீசனுக்கு முன்னுக்கு ஸ்டாஃப் எல்லாருக்கும் புது மெடிக்கல் இன்சூரன்ஸ் வந்தது, ஷிஃப்ட் மாறுற நேரம் பத்து நிமிஷம் கிடைச்சுது, நான் சர்க்குலரை அப்படியே வாசிச்சன். அதில ஒரு வசனம், "டிஸ்சார்ஜ் ஆகி 30 நாட்களுக்குள் சகல பில்களையும் சமர்ப்பிக்க வேண்டும்".

ஹவுஸ்கீப்பிங்ல வேலை செய்யிற ஒரு அண்ணாட மனுசிக்கு ஆபரேஷன் நடந்து மே 3 வீட்ட வந்திட்டா. அண்ணா ஜூன் 6 என்னட்ட பில்லோட வந்தார். ஜூன் 2ஓட நாள் முடிஞ்சுது, கிளைம் திரும்பி வந்திட்டுது. ஏனண்ணா பிந்தினீங்க என்டு கேட்டா, "நீங்கதானே தங்கச்சி சகல பில்லும் என்டனீங்க, மே 28 கடைசியா கிளினிக் காட்டின பில்லும் வரட்டும் என்டு பாத்துக்கொண்டு இருந்தன், அதில இருந்துதானே 30 நாள்" என்டார். அவரில பிழையே இல்ல. பேப்பர்ல வாசிக்கிற ஆள் திரும்பிப் போய் "டிஸ்சார்ஜ்" என்ட சொல்லைப் பாப்பார், காதால கேக்கிறவருக்கு வசனத்திட முன்பாதி போயிடும், பின்னால வந்த "சகல பில்களும்" மட்டும்தான் மனசில நிக்கும். எனக்கு இப்பவும் அந்தக் காசை நினைச்சா கவலைதான்.

இப்ப நான் வாசிக்கிறதில்ல, சொல்லுறன், ஒரு வசனத்தில ஒரு விஷயம். முதல்ல நாள்: "ஆஸ்பத்திரில இருந்து வீட்ட வாற நாள்ல இருந்து எண்ணுங்க." பிறகு செய்யவேண்டியது: "ஒரு கிழமைக்குள்ள டயக்னோசிஸ் கார்டும் ஒரிஜினல் பில்லும் கொண்டு என்னட்ட வாங்க, மிச்ச பில் வரும் என்டு நிக்காதீங்க." பிறகு வாற பில்லை எப்படிச் சேர்க்கிறது என்டு கம்பனிக்காரரிட்ட நான் முன்னமே கேட்டு வச்சிருக்கோணும், இல்லாட்டி இப்படிச் சொல்ல ஏலாது. ஒரு கிழமை என்டது நான் வச்ச கணக்கு, உண்மையான கடைசி நாள் 30 என்டதையும் கட்டாயம் சொல்லுவன், இல்லாட்டி எட்டாம் நாள் ஞாபகம் வந்த ஆள் இனி முடிஞ்சுது என்டு பில்லை எறிஞ்சிடுவார்.

"விளங்கினதா?" என்டு கேக்கிறதை விட்டிட்டன், எல்லாரும் தலையாட்டுவினம், வேலைக்குப் போற அவசரம். அதுக்குப் பதிலா ஒரு கதை குடுப்பன்: "மகன் ரெண்டு நாள் வார்ட்ல இருந்து வெள்ளிக்கிழமை வீட்ட வாறார், திரும்ப புதன்கிழமை கிளினிக், எப்ப என்னட்ட வருவீங்க?" இந்த வருஷம் கிச்சன்ல ஒரு தம்பி "கிளினிக் எல்லாம் முடிய, சம்பளத்தோட வாறன் அக்கா" என்டான். அவன் சொன்னபடியால்தான் அந்த இடம் விளங்கேல்ல என்டு தெரிஞ்சுது, அந்த ஒரு வசனத்தை மட்டும் வேற மாதிரி திரும்பச் சொன்னன், பிறகு பக்கத்தில நிண்ட அக்காவிட்ட அதே கேள்வியைக் கேட்டன். "அடுத்த வெள்ளிக்கு முந்தி" என்டா.