சிக்கல் ‘பேக்’கில் இல்லை, ‘ரிவர்ட்’டில்தான்

சென்னையிலிருந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக வேலை செய்யும் மென்பொருள் குழுக்களின் மின்னஞ்சல்களையும் ஆவணங்களையும் திருத்திக் கொடுப்பது என் வேலை. பதில் தாருங்கள் என்ற பொருளில் ‘ரிவர்ட் பேக்’ என்று யாராவது எழுதினால் அங்கே வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, “ரிவர்ட் என்றாலே திரும்புவதுதான், பேக் வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்பது. தொடக்கத்தில் நானும் அப்படித்தான் திருத்தினேன். அந்தத் திருத்தம் போதாது என்பதை ஒரு வியாழக்கிழமை எனக்குக் காட்டியது.

ஒரு விலைப்பட்டியல் மென்பொருளில் வரிக் கணக்கிடும் பகுதியை மாற்றியிருந்தார்கள். அது சரியா என்று வாடிக்கையாளரின் கருத்து தேவைப்பட்டது. எங்கள் பொறியாளர் எழுதிய வரி இது: “ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி டாக்ஸ் சேஞ்ச் பை சிக்ஸ் பி.எம்.” வரி மாற்றம் குறித்து ஆறு மணிக்குள் பதில் தாருங்கள் என்பது அவர் எண்ணம். நியூயார்க்கில் அதைப் படித்தவரோ, வரி மாற்றத்தைத் திரும்பப் பெறச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மென்பொருள்காரர்களுக்கு அந்தச் சொல் வெறும் சொல் அல்ல, தினமும் தட்டச்சு செய்யும் கட்டளை:

```
git revert <commit>
```

நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ என்ற மென்பொருளில், செய்த மாற்றத்தை ரத்து செய்யும் கட்டளை அது. அவர் அதைத்தான் செய்தார். மறுநாள் காலை எங்கள் குழு பார்த்தபோது மாற்றத்தைக் காணவில்லை. அந்த மாற்றத்தை எழுதிய கிளையை மீண்டும் இணைத்துப் பார்த்தார்கள். `Already up to date.` என்று மட்டும் வந்தது. அந்த மாற்றங்கள் ஏற்கெனவே இணைந்தவை என்றுதான் கிட் கணக்கு வைத்திருக்கும். பின்னர் நடந்த ரத்து அதற்குத் தனியொரு மாற்றம். எனவே அந்த ரத்தையே ரத்து செய்ய வேண்டும். இது புரிவதற்குள் பாதி நாள் போய்விட்டது.

இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அலுவலக ஆங்கிலத்தில் ‘ரிவர்ட்’ என்றால் பதில் எழுது என்று பொருள். அமெரிக்கருக்கும் பிரிட்டனில் பெரும்பாலோருக்கும் அது பழைய நிலைக்குத் திரும்புவது மட்டுமே. ‘பேக்’கை மட்டும் நீக்கினால் வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாகி, அந்தக் கட்டளைக்கு இன்னும் நெருக்கமாகிவிடுகிறது. எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் உதவாது, ஏனெனில் எழுத்தில் பிழையே இல்லை.

இப்போது நான் செய்வது இதுதான். ‘ரிவர்ட்’ வரும் இடத்தில் ‘ரிப்ளை’யை வைத்துப் படிக்கிறேன். பொருள் நின்றால் மாற்றிவிடுகிறேன். நிற்காவிட்டால் அது உண்மையான ரத்து, தொடமாட்டேன். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால் வெளியீட்டுக் குறிப்புகள் பாழாகும். அந்த மின்னஞ்சலை இன்று எழுதினால் இப்படி எழுதச் சொல்வேன்: “வரி மாற்றம் சரியா என்று எங்களுக்கு எழுதுங்கள். கெடு இந்திய நேரம் வெள்ளி மாலை 6 மணி, உங்களுக்குக் காலை 8.30. அதுவரை மாற்றம் அப்படியே இருக்கட்டும்.” இந்த 8.30 கோடைக்காலத்துக்கு உரியது, குளிர்காலத்தில் 7.30 ஆகிவிடும்.

‘ப்ரிபோன்’ மீது எனக்கு இவ்வளவு கோபம் இல்லை. ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. தெரியாதவர் அதைப் படித்தால் “இது என்ன?” என்று கேட்பார், கேட்டதும் சிக்கல் தீர்ந்துவிடும். அதற்குப் பதிலாகப் பலர் பரிந்துரைக்கும் ‘மூவ் ஃபார்வர்ட்’தான் எனக்குப் பயம். கூட்டத்தை இரண்டு நாள் ‘ஃபார்வர்ட்’ நகர்த்தினோம் என்றால், புதன்கிழமைக் கூட்டம் திங்களுக்கு வந்ததாகச் சிலரும் வெள்ளிக்குப் போனதாகச் சிலரும் புரிந்துகொள்கிறார்கள். இரு சாராரும் தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்கள்தான். ஆகவே வினைச்சொல்லை நம்பாமல் பழைய நாளையும் புதிய நாளையும் எழுதிவிடச் சொல்கிறேன்.

நம் குழுக்களில் நான் அதிகம் திருத்தும் சொல் ‘டவுட்’. தமிழில் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கிறோம். ஒருவன் மேல் சந்தேகப்படவும் செய்கிறோம். இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். ‘டவுட்’ என்று எழுதினால் அமெரிக்க வாடிக்கையாளருக்குக் கேட்பது இரண்டாவது மட்டும்தான். “உங்கள் வடிவமைப்பில் எனக்கு ஒரு டவுட்” என்று எழுதிய இளம் பொறியாளர் ஒருவருக்கு, வடிவமைப்பை நியாயப்படுத்தி மூன்று பத்திப் பதில் வந்தது. அவர் அறிய விரும்பியது ஒரு பொத்தான் எந்தப் பக்கத்துக்குப் போகும் என்பதை மட்டுமே. ‘டவுட்’டை ‘கொஸ்டின்’ ஆக்கி மறுபடி அனுப்பினோம். ஒரே வரியில் பதில் வந்தது.