‘மச்சி எங்கடா இருக்க’ கெய்ரோவுக்குப் போனால்

துபாயிலோ தோஹாவிலோ வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் ஒருவன், தன் அறைத்தோழனோடு நடந்த வாட்ஸ்அப் சண்டையின் ஸ்கிரீன்ஷாட்டை எகிப்து நாட்டுச் சக ஊழியரிடம் காட்டிச் சிரிக்க வைக்க நினைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அதை அரபியில் பெயர்க்க வேண்டும். அரட்டை ஏழே வரிதான். உதாரணத்துக்காக நானே கட்டியது.

அ: மச்சி எங்கடா இருக்க
ஆ: வந்துட்டே இருக்கேன் டா 🏃
அ: ஒரு மணி நேரமா இதையே சொல்ற 🙄
ஆ: சத்தியமா டா. செம டிராஃபிக் 😭
அ: உன் லொகேஷன் வீட்லன்னு காட்டுது 💀
ஆ: 🙈🙈
அ: சரி.

படத்தில் யார் எதைச் சொன்னார் என்பதைப் பெயர் சொல்வதில்லை. குமிழியின் பக்கமும் நிறமும்தான் சொல்கின்றன. எழுத்தை உருவி எடுக்கும் மென்பொருள்கள் அந்தத் தகவலைத் தவற விடலாம். எமோஜிகளையும் விழுங்கிவிடும், அல்லது ஏதோ ஒரு குறியாக மாற்றித் துப்பும். ஆகவே முதல் வேலை, மேலே செய்ததுபோல் யார், என்ன, எந்த எமோஜி என்று கையால் எழுதிக்கொள்வது. கடைசி வரியில் ‘சரி’க்குப் பின் இருக்கும் முற்றுப்புள்ளியையும் விடக்கூடாது. மற்ற ஆறு வரிகளின் முடிவில் புள்ளியே இல்லை என்பதைக் கவனித்தவருக்கு, அது எவ்வளவு சூடான புள்ளி என்று புரியும். ஆறாவது வரியில் சொல்லே கிடையாது. ஆனாலும் ‘மாட்டிக்கிட்டேன்’ என்ற ஒப்புதல் வாக்குமூலம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து ஒரு கேள்வி. எந்த அரபி? இதைக் கேட்காமல் தொடங்கினால் மிச்ச உழைப்பெல்லாம் வீண். சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959-இல், ஒரே சமூகம் எழுத்துக்கும் மேடைக்கும் ஒரு மொழிவடிவத்தையும் வீட்டுக்கும் தெருவுக்கும் வேறொன்றையும் வைத்திருப்பதை விவரித்தபோது, அவர் எடுத்த முதன்மையான நான்கு உதாரணங்களில் அரபி ஒன்று. செய்தி வாசிக்கவும் பாடப்புத்தகம் எழுதவும் ‘ஃபுஸ்ஹா’ என்னும் பொது அரபி. பேச்சுக்கு அந்தந்த நாட்டின் ‘ஆம்மிய்யா’. தமிழருக்கு இது புதிதல்ல. ஆனால் பேச்சு வடிவங்களுக்குள் இருக்கும் தூரம் நம்முடைய மதுரைக்கும் கோவைக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது. ‘வேண்டும்’ என்பதற்குப் பொது அரபியில் ‘உரீது’. கெய்ரோவில் ‘ஆயிஸ்’, டமாஸ்கஸில் ‘பித்தி’, வளைகுடாவில் ‘அபி’ அல்லது ‘அப்கா’. ‘இப்போது’ என்பது கெய்ரோவில் ‘தில்வஃதி’, லெபனானில் ‘ஹல்லஃ’, ஈராக்கில் ‘ஹஸ்ஸா’, மொராக்கோவில் ‘தாபா’.

பொது அரபியில் பெயர்த்தால் எல்லா நாட்டாருக்கும் புரியுமே என்று தோன்றும். புரியும், உண்மைதான். ஆனால் முதல் வரி ‘அய்ன அன்த, யா ஸதீகீ?’ என்று வரும். ‘நண்பனே, நீ எங்கே இருக்கின்றாய்?’ என்று சொன்னது மாதிரி. அரபு நாடுகளில் குழந்தைகளுக்கான கார்ட்டூன்கள் பலவும் ஃபுஸ்ஹாவில்தான் ஒலிமாற்றம் செய்யப்படுகின்றன. எனவே இந்தச் சண்டையைப் படிக்கும் எகிப்தியருக்கு இரண்டு கார்ட்டூன் வீரர்கள் திட்டிக்கொள்வதுபோல் இருக்கும். அதற்கும் சிரிப்பார், வேறு காரணத்துக்காக. நம் வாசகர் எகிப்தியர் என்பதால் கெய்ரோ அரபிதான்.

இப்போது முதல் வரி. ‘மச்சி’ என்பது மைத்துனனிலிருந்து வந்தது என்று தெரிந்த ஒருவர் அகராதியைத் திறந்தால் ‘நசீப்’ என்ற சொல் கிடைக்கும். பெண் கொடுத்து எடுத்த உறவுமுறையைச் சொல்லும் சொல் அது. அதைப் போட்டால் படிப்பவர், இவனுடைய தங்கை அவன் வீட்டில் இருக்கிறாள் என்று நினைப்பார். நமக்கு வேண்டியது சொல்லின் பொருள் அல்ல, அது செய்யும் வேலை. ‘மச்சி… டா’ இங்கே உரிமையோடு அதட்டுகிறது. கெய்ரோவில் இந்த வேலையைச் செய்வது ‘யா இப்னி’. நேர்ப்பொருள் ‘என் மகனே’. ஒத்த வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் சலிப்போடு அதட்டும்போது தாராளமாகச் சொல்வது. ‘மகனே, இன்னைக்கு நீ செத்த’ என்று நாமும் ஒத்த வயதுக்காரனிடம் சொல்வதுண்டு, இல்லையா? சலிப்பு இல்லாமல் வெறும் நட்பாக இருந்தால் ‘யா ஸாஹ்பி’ போட்டிருக்கலாம். ஆக வரி: ‘இன்த ஃபேன் யா இப்னி’.

‘வந்துட்டே இருக்கேன்’ என்பதற்கு ‘கய் ஃபிஸ்-ஸிக்கா’. ‘பாதையில் வந்துகொண்டிருக்கிறேன்’ என்ற பொருள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ‘வந்துட்டே இருக்கேன்’ என்று சொல்பவர் ஆணா பெண்ணா என்பதைத் தமிழ் சொல்லாது. ‘நான்’, ‘நீ’ இரண்டிலும் நம் வினைக்குப் பால் கிடையாது. கெய்ரோ அரபியில் ஆண் என்றால் ‘கய்’, பெண் என்றால் ‘கய்யா’. மூன்றாவது வரியில் ‘சொல்ற’ என்பது ஆணிடம் ‘பித்ஊல்’, பெண்ணிடம் ‘பித்ஊலி’. ‘டா’ இருக்கிறதே, ஆண்தான் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. தோழிகளே ஒருவரையொருவர் ‘டா’ போட்டு அழைக்கும் காலம் இது. ஸ்கிரீன்ஷாட்டில் இல்லாத இந்தத் தகவலை அனுப்பியவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்காமல் ஊகித்தால், இந்தச் சின்ன அரட்டையிலேயே மூன்று வரிகளில் எழுத்துத் தப்பாகும். நம் ஆட்கள் இருவரும் ஆண்கள்.

மூன்றாவது வரி சுலபம். ‘பஆலக் ஸாஆ பித்ஊல் கிதா’. சலித்துப்போன எகிப்தியர் தானாகவே சொல்லக்கூடிய வாக்கியம்.

நான்காவதில்தான் நான் அதிக நேரம் நின்றேன். ‘சத்தியமா’ என்பதற்கு ‘வல்லாஹி’ என்பதில் தயக்கமில்லை. இறைவன் மேல் ஆணை என்பது நேர்ப்பொருள் என்றாலும், நம் ‘சத்தியமா’ போலவே அது அன்றாடப் பேச்சில் தேய்ந்து வழங்குகிறது. இன்னும் அழுத்தமாக ‘வல்லாஹில் அஸீம்’ என்றும் உண்டு. காதுக்கு அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் இவன் சொல்வது பொய், அடுத்த வரியிலேயே அது வெளியாகிறது. மகத்தான இறைவன் பெயரால் பொய்ச்சத்தியம் என்றால் நகைச்சுவை கொஞ்சம் கனத்துவிடும். விளையாட்டுப் பொய்க்கு லேசான ‘வல்லாஹி’ போதும். ‘செம டிராஃபிக்’ என்பதற்கு ‘ஸஹ்மா மோத்’ என்று ஒரு வழக்கு உண்டு. ‘ஸஹ்மா’ நெரிசல், ‘மோத்’ சாவு. சாவடிக்கிற நெரிசல். தமிழில் இல்லாத சாவு அரபியில் வந்து சேர்ந்தாலும் தொனி அப்படியே நிற்கிறது.

ஐந்தாவது: ‘இல்-லொகேஷன் பிதாஅக் மிபய்யின் இன்னக் ஃபில்-பேத்’. ‘லொகேஷன்’ அங்கேயும் லொகேஷன்தான். அதற்குச் சுத்தமான அரபிச் சொல்லைத் தேடிப் போட்டால் குற்றப்பத்திரிகை போல ஆகும்.

இதன் முடிவில் இருக்கும் 💀 பற்றிக் கொஞ்சம். இளைஞர்களிடம் இதன் பொருள் ‘சிரிச்சே செத்துட்டேன்’. அரபியிலும் ‘சிரித்துச் செத்தேன்’ என்ற மரபுத்தொடர் உண்டு, ஆகவே இருபது வயதுக்காரர் எளிதில் பிடித்துக்கொள்வார். ஆனால் ‘சாகிறேன்’ என்று யாராவது விளையாட்டாகச் சொன்னால்கூட, ‘தீங்கு உன்னை விட்டு விலகட்டும்’ என்ற பொருளில் எகிப்தியர்கள், முக்கியமாகப் பெரியவர்கள், உடனே ஒன்று சொல்வார்கள். நம் பாட்டிகள் ‘வாயைக் கழுவு’ என்பது மாதிரி. அந்தத் தலைமுறைக்கு மண்டையோடு வெறும் மண்டையோடுதான். பார்ப்பவர் இளைஞர் என்றால் விட்டுவிடலாம். வயதானவர் என்றால் எடுத்துவிட்டு அரபுச் சிரிப்பைப் போடலாம். ‘ஹ’ எழுத்தை வரிசையாக அடிப்பதுதான் அந்தச் சிரிப்பு. அரபியில் குறில் உயிர்கள் எழுத்தில் வராததால் வெறும் ‘ஹ்’களின் சரமாகத் தெரியும். மூன்று ‘ஹ்’ என்றால் மரியாதைக்குச் சிரித்தது, பத்து என்றால் வயிறு வலிக்கச் சிரித்தது. இங்கே ஆறேழு போதும்.

இந்த அரட்டையில் இல்லை என்றாலும், சில கை எமோஜிகளைச் சொல்லாமல் போக மனமில்லை. நாம் நன்றிக்கும் வணக்கத்துக்கும் போடும் 🙏 அரபியிலும் நன்றியாகப் போகும். ஆனால் துஆ என்னும் பிரார்த்தனையின்போது முஸ்லிம்கள் கையைக் குவிப்பதில்லை, உள்ளங்கைகளை மேல்நோக்கி விரிப்பார்கள். அதற்கு 🤲 யூனிகோடில் 2017-இல்தான் சேர்ந்தது. 2020-இல் வந்த 🤌 இத்தாலியர்களுக்கு ‘என்னய்யா சொல்ற?’. அரபு நாடுகளில் அதே விரல்குவிப்பு ‘கொஞ்சம் பொறு’. சண்டையின் நடுவில் இது வந்தால், கேள்வி சமாதானமாக மாறிவிடும்.

இனி திசை. அரபி வலமிருந்து இடம். எழுத்து, எண், எமோஜி கலந்த வரியை எந்த வரிசையில் காட்டுவது என்பதை யூனிகோடின் இருதிசை விதிமுறை தீர்மானிக்கிறது. அதில் அரபி எழுத்து வலுவான வலமிடம், ஆங்கில எழுத்தும் தமிழ் எழுத்தும் வலுவான இடவலம். எமோஜிக்குத் திசையே இல்லை, அக்கம்பக்கத்தைப் பார்த்து நிற்கும். செய்தியின் திசையைச் செயலி தானே ஊகிக்கும்போது, முதலில் வரும் வலுவான எழுத்தை வைத்துத்தான் ஊகிக்கும். அதனால் அரபி வாக்கியம் ‘OMG’ என்று தொடங்கிவிட்டால் வரி முழுவதும் இடவலமாகத் திரும்பி, கடைசியில் இருந்த 🙄 தவறான ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வரியின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத U+200F என்ற குறியை வைத்தால் சரியாகும். ‘லொகேஷன்’ என்பதை அரபி எழுத்திலேயே எழுதியதால் நமக்கு இந்தத் தலைவலி இல்லை.

அடைப்புக்குறிகளை இந்த விதிமுறை கண்ணாடிபோல் திருப்பும். அதனால் :) என்ற பழைய சிரிப்பு அரபி வரியில் (: என்று தெரிந்தாலும் சிரிப்பாகவே இருக்கும். எமோஜிகளை அது திருப்புவதில்லை. ‘அங்கே பார்’ என்று 👉 போட்டிருந்தால் நாம்தான் 👈 என்று மாற்ற வேண்டும். நம் இரண்டாவது வரியின் 🏃 இங்கே ஒரு வேடிக்கை செய்கிறது. பெரும்பாலான கருவிகளில் அவன் இடப்பக்கம் பார்த்து ஓடுகிறான். தமிழ் வரியின் வலக்கோடியில் நிற்கும்போது, வந்துட்டே இருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி ஓடுகிறான். அரபியில் வரி இடக்கோடியில் முடிவதால் அவன் முன்னோக்கி ஓடுகிறான். மொழிபெயர்ப்பில் எமோஜியே திருந்திவிட்டது!

படமாகவே திருப்பித் தருவதென்றால் குமிழிகளையும் இடம் மாற்ற வேண்டும். இடைமுகத்தை அரபிக்கு மாற்றும்போது திரையே கண்ணாடிபோல் திரும்பி, நம் செய்திகள் இடப்பக்கம் போவதுதான் வழக்கம். எழுத்தை மட்டும் அரபியாக்கிவிட்டுக் குமிழிகளை அப்படியே வைத்தால், அதற்குப் பழகிய கண் ஒரு நொடி ஆளை மாற்றிப் படிக்கும். அந்த ஒரு நொடியில் பொய் சொன்னவன் மாறிப்போவான்.

கடைசி வரி ‘சரி.’. கெய்ரோவில் ‘மாஷி’. இதன் நேர்ப்பொருள் ‘நடக்கிறது’. இன்னும் கிண்டலாக வேண்டுமென்றால் ‘மாஷி யா ஸீதி’, ‘சரிங்க எஜமான்’ என்பது மாதிரி. ஆனால் மூலத்தில் கிண்டல் இல்லை, கதவைச் சாத்தும் சத்தம்தான் இருக்கிறது. ஆகவே வெறும் ‘மாஷி’, முற்றுப்புள்ளியோடு.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. தமிழ் தெரியாத எகிப்தியர் ஒருவரிடம் கொடுத்து, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், மூன்றே கேள்வி கேட்கலாம். யார் பொய் சொன்னது? எந்த வரியில் மாட்டினான்? கடைசியில் மற்றவன் கோபமாக இருக்கிறானா, இல்லையா? மூன்றாவதற்கு ‘கோபமில்லை, ஒத்துக்கொண்டான்’ என்று பதில் வந்தால், அந்தப் புள்ளி கெய்ரோ போய்ச் சேரவில்லை. அப்போது சொல்லை மாற்றாமல், ஐந்தாவது வரியின் சிரிப்பைக் குறைத்துப் பார்க்கலாம். அங்கே வயிறு வலிக்கச் சிரித்தவன் இரண்டு குமிழி தள்ளிக் கோபப்பட்டால், எந்த மொழியிலும் நம்ப மாட்டார்கள்.