இலக்கு விலை ஏறியது, லாபக் கணிப்பு இறங்கியது

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்தில் என் அலுவலகம் இருக்கிறது. முதலீட்டு ஆலோசகர் ஆவதற்கு முன்பு ஒரு தரகு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற தண்டையார்பேட்டைக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு பங்கைப் பற்றிய ஆய்வறிக்கையின் முதல் பக்கம் மட்டும் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் ‘வாங்கலாம்’.

“தம்பி, விலை இப்போது 800 ரூபாய். மூன்று மாதத்துக்கு முன்னால் இலக்கு 1,000 என்றார்கள். இப்போது 1,080 ஆக்கிவிட்டார்கள். கம்பெனி நன்றாகப் போகிறது என்றுதானே அர்த்தம்?”

பணிக்கொடையில் 4 லட்சம் ரூபாயை அந்த ஒரே பங்கில் போட இருந்தார். “இரண்டு அறிக்கைகளையும் முழுதாகக் கொண்டு வாருங்கள் ஐயா, பார்த்துவிட்டுப் பேசலாம்” என்றேன். மறுநாளே மகனிடம் சொல்லி அச்செடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பங்கு எவ்வளவு வரை ஏறும் என்று ஆய்வாளர் சொல்லும் இலக்கு விலை பெரும்பாலும் ஒரு பெருக்கல்தான். வரும் ஆண்டில் பங்கு ஒன்றுக்கு எவ்வளவு லாபம் வரும் என்று ஆய்வாளர் கணிக்கிறார். அந்த லாபத்தைப் போல எத்தனை மடங்கு விலையைச் சந்தை கொடுக்கும் என்று இன்னொரு எண்ணை எடுத்துக்கொள்கிறார். பி/இ விகிதம் என்பது இதுதான். முதல் அறிக்கையில் லாபம் 40 ரூபாய், மடங்கு 25, ஆக 1,000. இரண்டாவது அறிக்கையில் லாபக் கணிப்பை 36 ரூபாயாகக் குறைத்திருந்தார்கள். மடங்கை மட்டும் 30 ஆக உயர்த்தியிருந்தார்கள். 36 × 30 = 1,080.

அதாவது, நிறுவனம் முன்பு நினைத்ததைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் என்று அவர்களே ஒப்புக்கொண்ட அதே அறிக்கையில்தான் இலக்கு ஏறியிருக்கிறது. பழைய 25 மடங்கையே வைத்திருந்தால் இலக்கு 900தான் வந்திருக்கும். 800 ரூபாய் பங்குக்கு அது 12.5 சதவீத ஏற்றம். அறிக்கையின் கடைசியில் பொடி எழுத்தில் அந்த ஆய்வு நிறுவனத்தின் அளவுகோல் இருந்தது: 15 சதவீதத்துக்கு மேல் ஏறும் என்றால்தான் ‘வாங்கலாம்’. பழைய மடங்கில் அந்தப் பங்கு ‘வைத்திருக்கலாம்’ என்ற நிலைக்கு இறங்கியிருக்கும். அதை இறங்கவிடாமல் தாங்கிப் பிடித்தது மடங்கு ஒன்றுதான். இதற்கு அவர்கள் சொன்ன காரணம் ஒரே வரி: ‘வளர்ச்சி வாய்ப்பு தெளிவாகியிருக்கிறது’.

மடங்கை உயர்த்துவதே தவறு என்று நான் சொல்லவில்லை. நிறுவனம் கடனை அடைத்திருக்கலாம். நட்டத்தில் ஓடிய பிரிவை விற்றிருக்கலாம். அப்படியானால் அது அறிக்கையில் எண்ணோடு இருக்கும். அந்தப் பங்கு கடந்த 5 ஆண்டுகளில் எந்த மடங்கில் விற்றது, அதே தொழிலில் உள்ள மற்றவை எந்த மடங்கில் விற்கின்றன என்றும் ஒப்பிட்டுக் காட்டியிருப்பார்கள். இதில் அவை எதுவும் இல்லை.

அடுத்து, கடைசிப் பக்கம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2014ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகளின்படி, தன் நலன் கலந்திருக்கும் இடங்களை ஆய்வு நிறுவனம் அறிக்கையிலேயே வெளிப்படுத்த வேண்டும். ஆய்வாளரோ அவருடைய உறவினரோ அந்தப் பங்கை வைத்திருக்கிறார்களா, கடந்த 12 மாதங்களில் ஆய்வு நிறுவனம் அந்தக் கம்பெனியிடம் கட்டணம் பெற்றதா, அதன் பொதுப் பங்கு வெளியீட்டை நடத்திக் கொடுத்ததா என்பதெல்லாம் அங்கே இருக்கும். இந்த அறிக்கையில் கட்டணம் பற்றிய கேள்விக்கு நேராக ‘ஆம்’ என்றிருந்தது. பெரியவர் அந்த ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை.

குறிப்பிட்ட ஒரு வெளியீட்டு வேலையோடு ஆய்வாளரின் சம்பளத்தை இணைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் அழுத்தம் சம்பளச் சீட்டு வழியாக மட்டும் வருவதில்லை. ‘விற்கலாம்’ என்று எழுதினால் அந்தக் கம்பெனியின் நிதி அதிகாரி அடுத்த முறை தொலைபேசியை எடுக்கமாட்டார். அந்தப் பங்கைக் குவித்து வைத்திருக்கும் பெரிய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ‘விற்கலாம்’ என்று எழுத நினைத்த ஆய்வாளர்கள் ‘வைத்திருக்கலாம்’ என்று எழுதிவிட்டு, உள்ளே லாபக் கணிப்பைக் குறைத்துக்கொண்டே போவார்கள். அதனால் ‘வாங்கலாம்’ என்பது ‘வைத்திருக்கலாம்’ ஆக இறங்கினால், அதை நான் விற்கச் சொல்வதற்குப் பக்கத்தில் வைத்தே படிக்கிறேன்.

கட்டணம் வாங்கியதாலேயே அறிக்கை பொய் ஆகிவிடாது. அந்த ஆய்வாளர் நேர்மையாகவே நம்பி எழுதியிருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் ஏறிய மடங்கும் கடைசிப் பக்கத்து ‘ஆம்’ என்ற பதிலும் ஒரே அறிக்கையில் இருக்கும்போது, 1,080 என்ற எண்ணை நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போட என்னால் சொல்ல முடியவில்லை. 36 ரூபாய் லாபத்தை 25 மடங்கால் பெருக்கி, 900 என்று அவருடைய தாளிலேயே எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவர், “அப்படியானால் மகன் வாங்கிய மற்ற பங்குகளின் அறிக்கைகளையும் கொண்டு வருகிறேன், கடைசிப் பக்கத்தோடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.