சாட் 30 ரூபாய்க்கு வருகிறது, சரி. விற்பனை எத்தனை ரூபாய்க்கு வருகிறது?

வாட்ஸ்அப்புக்குக் கொண்டுவரும் விளம்பரம் ஓட்டுகிற கடைக்காரர்கள் பலரும் பார்ப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்: ஒரு சாட்டுக்கு என்ன செலவு? 'அதில் எத்தனை பேர் பணம் கட்டினார்கள்?' என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

மெட்டா அறிக்கையில் வரும் Messaging conversations started விற்பனைக் கணக்கு அல்ல. வெறும் 'ஹாய்' அனுப்பியவரும் அதில் சேர்த்தி. ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர் 7 நாள் பேசாமல் இருந்துவிட்டு விளம்பரம் வழியாக வந்தாலும் அது புது உரையாடல்தான். பணமோ ஜிபேயில், சில நேரம் வீட்டுக்காரர் எண்ணிலிருந்து வருகிறது. நீங்கள் சொல்லாமல் மெட்டாவுக்கு அது எப்படித் தெரியும்?

ஒரு சேலைக் கடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு விளம்பரங்கள், ஒவ்வொன்றுக்கும் 9,000 ரூபாய். 'விலை கேளுங்கள்' என்ற முதல் விளம்பரத்துக்கு 300 சாட், ஒன்று 30 ரூபாய். விலையைப் படத்திலேயே போட்ட இரண்டாவதுக்கு 120 சாட், ஒன்று 75 ரூபாய். இந்த இடத்தில் இரண்டாவதை நிறுத்திவிடுகிறார்கள்! முதலாவதில் விற்றது 6 சேலை, இரண்டாவதில் 15. அதாவது ஒரு விற்பனைக்கு 1,500 ரூபாய், 600 ரூபாய். சேலைக்கு லாபம் 700 என்றால் முதல் விளம்பரம் ஒவ்வொரு விற்பனையிலும் 800 ரூபாயைத் தின்கிறது. இதைக் கண்டுபிடிக்க, எந்த வாடிக்கையாளர் எந்த விளம்பரத்தில் வந்தார் என்பது பணம் கட்டும் வரை அவர் எண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி மட்டும் வைத்திருப்பவர்கள், விளம்பரத்தின் முன்நிரப்பிய செய்தியில் 'S1', 'S2' என்று குறியீடு போடுங்கள். சிலர் அதை அழித்துவிட்டு அனுப்புவார்கள். அப்போது சாட்டின் மேலே தெரியும் விளம்பர அட்டையைப் பாருங்கள். தொலைபேசி எண், குறியீடு, சாட் தொடங்கிய தேதி, பணம் வந்த தேதி, தொகை, பழைய வாடிக்கையாளரா என்பது: ஒரு ஷீட்டில் இந்த ஆறு கட்டம் போதும். அன்றன்றைக்கே நிரப்புங்கள், தயவுசெய்து. மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது கணக்கே இல்லை.

வாட்ஸ்அப் பிசினஸ் ஏபிஐ வைத்திருப்பவர்களுக்குச் சாக்கே கிடையாது. விளம்பரம் வழியாக வரும் செய்தியின் `referral` பகுதியில் விளம்பர எண் `source_id` ஆகவும், கிளிக் அடையாளம் `ctwa_clid` ஆகவும் வரும். அடுத்தடுத்த செய்திகளில் வராது. வந்த உடனே சேமிக்காவிட்டால் போனது போனதுதான். பணம் வந்ததும் அந்த `ctwa_clid`-யோடு `Purchase` நிகழ்வை 7 நாளுக்குள் மெட்டாவின் கன்வர்ஷன்ஸ் ஏபிஐக்கு அனுப்புங்கள். அனுப்பாதவரை மெட்டா உங்களுக்குத் தேடித் தருவது பேசுகிறவர்களை, வாங்குகிறவர்களை அல்ல.

இன்னொன்று. இந்த வாரச் செலவை இந்த வார விற்பனையால் வகுக்காதீர்கள். இன்று விசாரித்தவர் சம்பளம் வந்த பிறகு, இன்றிலிருந்து 12ஆம் நாள் வாங்கலாம். மெட்டாவின் வழக்கமான கிளிக் கணக்கு 7 நாள்தான் என்பதால் அந்த விற்பனை அங்கே தெரியாது, உங்கள் ஷீட்டில் தெரியும். சாட் தொடங்கிய வாரத்தின் கீழ் விற்பனையை எழுதி, அந்த வாரம் முடிந்து இன்னும் மூன்று வாரம் பொறுத்த பிறகு எந்த விளம்பரத்தை நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.