3 என்று தெரிவது 8 ஆகவும் இருக்கலாம்

அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது: பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கம். கூடவே ஒரு கேள்வி: "தம்பி, இதைச் சின்னவனுக்குக் கொடுக்கலாமா?" சின்னவனுக்குப் பால் ஒவ்வாது. படத்தில் அக்காவின் கட்டைவிரல் பொருட்பட்டியலின் நடுவில் உட்கார்ந்திருந்தது. காலாவதித் தேதியின் மேல் ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளைத் திட்டாகப் படிந்திருந்தது.

தேதியை முதலில் பார்ப்போம். பெரும்பாலும் இது உறையோடு சேர்த்து அச்சிடப்படுவதில்லை. ஓடும் பட்டையில் பொட்டலம் நகரும்போதே, ஒரு மைத்தெளிப்பு இயந்திரம் தொடாமல் புள்ளி புள்ளியாகத் தெளித்துவிடுகிறது. அகலத்தில் 5, உயரத்தில் 7 புள்ளிகள் கொண்ட கட்டத்துக்குள் ஓர் இலக்கம் அடங்கிவிடும். உறை சுருங்கியிருந்தாலோ, மை தேய்ந்துபோனாலோ சில புள்ளிகள் காணாமல்போகும். 8-இன் இடது ஓரப் புள்ளிகள் போனால் அது 3. நடுப்புள்ளிகள் போனால் 0. மேல் வலது போனால் 6. ஆனால் எதிர்த்திசையில் இது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. தெளிக்காத இடத்தில் புள்ளி தானாக முளைக்காது. ஆகவே கண்ணில் படும் புள்ளி சாட்சி. கண்ணில் படாத புள்ளி எதற்கும் சாட்சி அல்ல.

அக்காவின் படத்தில் தயாரிப்புத் தேதி 14/05/26 என்று முழுதாகத் தெரிந்தது. காலாவதியாக ?3/?1/26 மட்டுமே தெரிந்தது. 14 என்று ஒரு மாதம் இல்லை; எனவே முதலில் வருவது நாள். மாதம் 01 ஆகவோ 11 ஆகவோ இருக்க வேண்டும். தயாரிப்பதற்கு முன்பே காலாவதியாகும் பிஸ்கட் கிடையாது என்பதால் நவம்பர். நாள் 03, 13, 23 மூன்றில் ஒன்று. அந்த 3 புள்ளி இழந்த 8 என்றால் 08, 18, 28-உம் சேரும். ஆறில் எது என்று தெரியாதபோது முந்தியதைப் பிடிக்க வேண்டும்: நவம்பர் 3. பிறகுதான் மூலையில் "தயாரித்ததிலிருந்து 6 மாதங்கள்" என்ற வரி கண்ணில் பட்டது. அதோடு பொருந்துவது 13 மட்டுமே.

பட்டைக்கோட்டிலிருந்து தேதியைக் கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. வழக்கமான 13 இலக்கப் பட்டைக்கோட்டில் தேதியே இருக்காது. ஒன்று மட்டும் உண்டு: அதில் ஓர் இலக்கம் மறைந்தால் மீதி 12-ஐ வைத்துக் கணக்குப் போட்டு மீட்டுவிடலாம், ஏனென்றால் கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்காகவே சேர்க்கப்பட்டது. அச்சிட்ட தேதிக்கு அப்படி ஒரு காவல் இலக்கம் இல்லை.

இனி விரல். அதற்கு முன்னால் கோதுமை மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய். பின்னால் உப்பு, எமல்சிஃபையர் (ஐஎன்எஸ் 322). பொருட்பட்டியல் எடை குறையும் வரிசையில் எழுதப்படுவது. ஆகவே விரலுக்குக் கீழே இருப்பது எதுவானாலும் எண்ணெயை விட மிகாது. சத்து அட்டவணையில் 100 கிராமுக்குக் கொழுப்பு 20 கிராம் என்று இருந்தது. எண்ணெய் முழுக்கக் கொழுப்புதான். அது 20 கிராமைத் தாண்ட முடியாது என்றால், மறைந்திருக்கும் எந்தப் பொருளும் 20 கிராமைத் தாண்டாது. சோடியம் 400 மில்லிகிராம். உப்பில் ஏறத்தாழ 40 சதவீதம் சோடியம் என்பதால் உப்பு அதிகபட்சம் 1 கிராம். பல நாடுகளில் 2 சதவீதத்துக்குக் கீழான பொருட்களை எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதால், பட்டியலின் வால்பகுதியை இதைவிட நுணுக்கமாகக் கணக்கிடுவதில் பொருளில்லை.

கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா கேட்டது அதையல்ல. 20 கிராமுக்குள் பால்பொடி தாராளமாக ஒளிந்துகொள்ளும். ஒவ்வாமைக்கோ மிகச் சிறிய அளவே போதும். 322 என்பது லெசித்தின். அது சோயாவிலிருந்து வந்ததா, சூரியகாந்தியிலிருந்தா, முட்டையிலிருந்தா என்று எண் சொல்லாது. பட்டியலுக்கு அடியில் "உள்ளவை: கோதுமை, சோ" என்று ஒரு வரி வெளிச்சத்தில் பாதியில் நின்றது. "சோ" சோயாவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு பால் இருப்பதாக ஊகித்துத் தவறினால் இழப்பது ஒரு பிஸ்கட். பால் இல்லை என்று ஊகித்துத் தவறினால் இழப்பு வேறு.

"இப்போதைக்குக் கொடுக்காதீர்கள், அக்கா. இன்னும் இரண்டு படம் எடுங்கள்" என்றேன். வந்த படத்திலேயே வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கும் வித்தை இங்கே பலிக்காது. நிழலில் மங்கிய எழுத்தைத் துலக்கலாம். வெளிச்சத்தில் முற்றிலும் வெளுத்த இடத்தில் துலக்குவதற்கு எதுவும் பதிவாகியிருக்காது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னலோரம் வைத்து, பொட்டலத்தைச் சற்றே சாய்த்து ஒன்று, மறுபக்கம் சாய்த்து ஒன்று. சாய்க்கும்போது பளபளப்பு இடம் மாறும், மைப்புள்ளிகள் மாறாது.

இரண்டாவது படத்தில் அந்த வரி முழுதாக வந்தது: கோதுமை, சோயா, பால்.